புதருக்குள் ஓர் ஒலிபெருக்கி

காட்டுயிர் ஆவணப்படத்தில் குரங்கு கத்தும். அடுத்த காட்சியில் சிறுத்தை வரும். இரண்டையும் ஒரே நாளில் எடுத்தார்களா என்று நாம் கேட்பதில்லை. படம் பார்த்துப் பழகியவருக்கு நான் முதலில் கொடுக்க விரும்பும் புத்தகம், இதே கத்தலைப் பற்றியது. டோரதி செனியும் ராபர்ட் செய்ஃபார்த்தும் எழுதி 1990இல் வெளிவந்த ‘ஹவ் மங்கீஸ் சீ த வேர்ல்ட்’.

களம் கென்யாவின் அம்போசெலி. அங்குள்ள வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒரு குரலும், கழுகுக்கு வேறொன்றும், பாம்புக்கு இன்னொன்றும் கொடுக்கும் என்பதை 1960களிலேயே தாமஸ் ஸ்ட்ருசேக்கர் கவனித்திருந்தார். ஆனால் குரலைக் கேட்ட குரங்கு மரமேறினால், அது குரலின் பொருள் புரிந்தா, சிறுத்தையைத் தானும் பார்த்துவிட்டா? இல்லை, பயத்தின் அளவைத்தான் குரல் காட்டுகிறதா?

இதைப் பிரித்தறிய, பதிவுசெய்த குரல்களைப் புதரில் மறைத்த ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டுப் படம்பிடித்தார்கள். பக்கத்தில் எந்த விலங்கும் இல்லாத நேரத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். சிறுத்தைக் குரலுக்குக் குரங்குகள் மரத்துக்கு ஓடின. கழுகுக் குரலுக்கு அண்ணாந்து பார்த்தன. பாம்புக் குரலுக்குப் பின்னங்கால்களில் நின்று புல்லைத் துழாவின. குரலின் நீளத்தையும் சத்தத்தையும் மாற்றிப் பார்த்தும் இந்த வேறுபாடு மாறவில்லை.

இன்னொரு சோதனை எனக்கு இதைவிடப் பிடிக்கும். ஒரு குட்டியின் அலறலை ஒலிபரப்பியபோது தாய் ஒலிபெருக்கியைப் பார்த்தது. உடனிருந்த மற்ற பெண் குரங்குகள் பார்த்தது அந்தத் தாயை! யார் குட்டி யாருடையது என்பது அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நல்ல ஆவணப்படமாகியிருக்கும். ஆனால் இதே குரங்குகள், மலைப்பாம்பு ஊர்ந்துபோன புதுத்தடத்தைப் பொருட்படுத்தாமல் கடந்துபோகின்றன. மரக்கிளையில் மான் உடல் தொங்கினால் சிறுத்தை அருகில் இருக்கலாம். அப்படியொன்றை ஆய்வாளர்களே மரத்தில் ஏற்றிவைத்தும் குரங்குகள் எச்சரிக்கவில்லை. சக குரங்குகளின் உறவுமுறையை இவ்வளவு நுட்பமாக அறிந்த மூளைக்கு ஒரு தடயத்தை வாசிக்கத் தெரியவில்லை. புத்தகத்தின் பின்பாதி இந்த முரணோடுதான் மல்லுக்கட்டுகிறது. அங்கே நடை கொஞ்சம் கனக்கும். தத்துவ விவாதங்களைத் தாண்டிப்போனாலும் பெரிய நஷ்டமில்லை.

பாதுகாப்பு பற்றிப் படிக்க விரும்புவோர், கே. உல்லாஸ் கரந்தின் ‘எ வியூ ஃப்ரம் த மச்சான்’ நூலை எடுக்கலாம். இதுவும் ‘எப்படித் தெரியும்?’ என்றே கேட்கிறது. ஒரே புலியின் கால்தடம் மணலில் ஒரு மாதிரியும் சேற்றில் வேறு மாதிரியும் விழும் என்பதால், தடத்தைப் பார்த்துப் புலிகளை எண்ணும் பழைய முறையைக் கரந்த் எதிர்த்துவந்தார். கோடுகளைக் கொண்டு ஒவ்வொரு புலியையும் அடையாளம் காணத் தானியங்கிக் கேமராக்களைப் பயன்படுத்தினார். ராஜஸ்தானின் சரிஸ்காவில் பழைய கணக்கு ஏட்டில் புலிகளைக் காட்டிக்கொண்டிருக்க, அங்கே ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது 2005இல் உறுதியானது.