கைப்பேசித் திரையில் விலைக்கோடு: சரிவின் உண்மை அளவு

கைப்பேசியில் பங்கு விலையின் வரைபடம் செங்குத்தாகச் சரிவதைக் கண்டு, நம்மில் சிலர் உடனே விற்க முனைகிறோம். ஆனால் அக்கோட்டின் சாய்வு விலையை மட்டும் பொறுத்ததன்று.

காலையில் 500 ரூபாயாக இருந்த பங்கு, மாலைக்குள் 496 ரூபாய்க்கு இறங்கியதெனக் கொள்வோம். 'ஒரு நாள்' காட்சியில் பெரும்பாலான செயலிகள், அன்றைய மிகக் குறைந்த விலைக்கும் மிக உயர்ந்த விலைக்கும் ஏற்ப அளவுகோலைத் தாமே அமைத்துக்கொள்கின்றன. எனவே அந்த 4 ரூபாய் இறக்கமே 6 சென்டிமீட்டர் உயர வரைபடத்தை ஏறத்தாழ முழுவதும் நிரப்பிவிடுகிறது. 'ஓராண்டு' காட்சியில் அளவுகோல் 400 முதல் 520 வரை விரிந்தால், அதே இறக்கம் 2 மில்லிமீட்டராகச் சுருங்கும். கைப்பேசியைக் கிடைமட்டமாகத் திருப்பினால் அகலம் கூடி உயரம் குறைவதால், சரிவு இன்னும் தணிந்து தோன்றும்.

ஆகவே சாய்வை விடுத்து, ஓரத்திலுள்ள விலை எண்களைப் படிப்போம். வேறுபாடான 4 ரூபாயைத் தொடக்க விலையான 500-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால், இறக்கம் 0.8 விழுக்காடு. இத்தகைய 200 பங்குகளில் 1 லட்சம் ரூபாய் வைத்திருப்பவருக்குக் குறைவது 800 ரூபாய். திரையை விரித்தாலும் சுருக்கினாலும் இக்கணக்கு மாறாது.

இதன் மறுபக்கமும் உண்டு: ஐந்தாண்டுக் காட்சியில் பெரிய வீழ்ச்சியும் சிறு வளைவாக மறையக்கூடும். அங்கும் எண்களே துணை.