வால் ரெசிஸ்டரைப் பத்து மடங்கு ஆக்கியும் மைக் இரைச்சல் ஏன் போகவில்லை?

ஆரம்ப எபிசோடுகளைக் கேட்டவர்களுக்கு என் குரலுக்குப் பின்னால் "ம்ம்ம்..." என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது ஞாபகம் இருக்கும். அது வீட்டு மின்சாரத்தோட 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். மைக் ப்ரீஆம்பை நானே இரண்டு டிரான்சிஸ்டர் வைத்துச் செய்திருந்தேன். சர்க்யூட்டின் பெயர் லாங் டெயில்டு பேர், அதாவது நீள வால் ஜோடி. வாலைப் பத்து மடங்கு நீளமாக்கினால் இரைச்சல் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. ஏன் போகவில்லை என்பதுதான் இன்றைய எபிசோட். ஒரு பேனாவும் பேப்பரும் பக்கத்தில் இருந்தால் நல்லது, ஆனா கட்டாயமில்லை.

இரண்டு கம்பி, ஒரே இரைச்சல்

மைக்கிலிருந்து இரண்டு கம்பி வருது. நான் பேசும்போது ஒரு கம்பியில் வோல்டேஜ் ஏறினால் மற்றதில் அதே அளவு இறங்கும். இந்த வித்தியாசம்தான் குரல், அதாவது டிஃபரன்ஷியல் சிக்னல். சுவருக்குள் ஓடுகிற மின்சார வயரிலிருந்து தொற்றுகிற இரைச்சலோ இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி ஏறி, ஒரே மாதிரி இறங்கும். இதுக்குப் பெயர் காமன் மோட்.

நல்ல ப்ரீஆம்ப் முதலாவதைப் பெருக்கணும், இரண்டாவதைக் கண்டுகொள்ளக் கூடாது. எத்தனை மடங்கு பாரபட்சம் காட்டுகிறது என்பதைச் சொல்லும் எண்தான் காமன் மோட் ரிஜெக்‌ஷன் ரேஷியோ, சுருக்கமாக சி.எம்.ஆர்.ஆர்.

இப்படி ஜோடி போட்டு இரைச்சலைக் கழிக்கிற யோசனை பழசு. வால்வு காலத்திலேயே, 1936-ல், இ.எம்.ஐ. நிறுவனத்தின் ஆலன் ப்ளூம்லைன் இதற்கு பிரிட்டனில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்.

சர்க்யூட்டை மனசுல வரைவோம்

ஒரே மாதிரி இரண்டு என்.பி.என். டிரான்சிஸ்டர். இரண்டின் எமிட்டரும் ஒன்றாகச் சேர்ந்து, அங்கிருந்து ஒரே ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கீழே மைனஸ் 12 வோல்ட்டுக்குப் போகுது. அந்த ரெசிஸ்டர்தான் வால். என் போர்டில் 11.3 கிலோ ஓம். மேலே ஒவ்வொரு கலெக்டருக்கும் 10 கிலோ ஓம், அங்கிருந்து பிளஸ் 12 வோல்ட். மைக்கின் இரண்டு கம்பியும் இரண்டு பேஸுக்கு.

சிக்னல் எதுவும் இல்லாதபோது பேஸ் இரண்டும் 0 வோல்ட்டில் இருக்கும். எமிட்டர் அதைவிட 0.7 வோல்ட் கீழே. ஆக வாலுக்குக் குறுக்கே நிற்பது 12-ல் 0.7 போக 11.3 வோல்ட். 11.3 கிலோ ஓமில் 11.3 வோல்ட் என்றால் 1 மில்லி ஆம்பியர். இரண்டு டிரான்சிஸ்டரும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளும், 0.5 மில்லி ஆம்பியர். கலெக்டர் ரெசிஸ்டரில் 5 வோல்ட் விழும், கலெக்டர் 7 வோல்ட்டில் நிற்கும். இந்த 7 வோல்ட்டை மல்டிமீட்டரில் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு எதையும் நம்பணும்.

இன்னும் ஒரே ஒரு எண் தேவை. பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் கொஞ்சம் மாறினால் கலெக்டர் கரண்ட் எவ்வளவு மாறும் என்பது. இதை gm என்று எழுதுவோம். கலெக்டர் கரண்டை சுமார் 25 மில்லிவோல்ட்டால் வகுத்தால் gm கிடைக்கும். 0.5 மில்லி ஆம்பியருக்கு அது 0.02, அதாவது ஒரு மில்லிவோல்ட்டுக்கு 0.02 மில்லி ஆம்பியர். கரண்ட் குறைந்தால் gm-மும் அதே விகிதத்தில் குறையும். இதை மறந்துடாதீங்க, நான் சறுக்கிய இடம் இதுதான்.

குரலுக்கு வால் தெரியாது

முதலில் குரல். ஒரு பேஸை 5 மில்லிவோல்ட் ஏற்றி, மற்றதை 5 மில்லிவோல்ட் இறக்குவோம். வித்தியாசம் 10 மில்லிவோல்ட். ஒரு டிரான்சிஸ்டரில் கூடுகிற கரண்ட் மற்றதில் குறைகிறது, கூட்டுத்தொகை மாறவே இல்லை. அதனால் எமிட்டர் சேருகிற புள்ளி அசையாது. வாலுக்கு நடந்ததே தெரியாது.

எமிட்டர் அசையாததால் ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் தன் 5 மில்லிவோல்ட்டை முழுசாகப் பார்க்கும். கரண்ட் மாற்றம் 0.1 மில்லி ஆம்பியர். 10 கிலோ ஓமில் அது 1 வோல்ட். உள்ளே 10 மில்லிவோல்ட், ஒரு கலெக்டரில் வெளியே 1 வோல்ட். டிஃபரன்ஷியல் கெயின் 100.

இரைச்சல் வாலை ஆட்டும்

இப்போ இரண்டு பேஸையும் சேர்த்து 1 வோல்ட் ஏற்றுவோம். எமிட்டரும் கூடவே கிட்டத்தட்ட 1 வோல்ட் ஏறும். வாலுக்குக் குறுக்கே 1 வோல்ட் கூடுதல், கரண்ட் சுமார் 0.088 மில்லி ஆம்பியர் கூடுதல். அதில் பாதி, 0.044, ஒவ்வொரு கலெக்டர் வழியாகவும் போகணும். 10 கிலோ ஓமில் அது 0.44 வோல்ட். காமன் மோட் கெயின் 0.44. திசையைக் காட்டும் மைனஸ் குறியை விட்டுவிட்டு இரண்டையும் எழுதினால்:

```
Ad   = gm × RC / 2   = 0.02 × 10000 / 2 = 100
Acm  = RC / (2 × RE) = 10000 / 22600    = 0.44
CMRR = Ad / Acm      = gm × RE          = 226
20 × log10(226)      = 47 dB
```

47 டெசிபெல் கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மைக்கில் போட்டுப் பாருங்க. குரல் 2 மில்லிவோல்ட், கேபிளில் தொற்றிய இரைச்சல் 200 மில்லிவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். வெளியே குரல் 200 மில்லிவோல்ட், இரைச்சல் 88 மில்லிவோல்ட். குரலில் கிட்டத்தட்ட பாதி அளவுக்கு "ம்ம்ம்". என் பழைய எபிசோடுகள் இப்படித்தான் இருந்தன.

நான் செய்த தப்பு

மேலே இருக்கிற கணக்கைப் பாருங்க. சி.எம்.ஆர்.ஆர். என்பது gm பெருக்கல் RE. அப்போ RE-யைக் கூட்டினால் போதும்தானே? 11.3-ஐக் கழற்றிவிட்டு 113 கிலோ ஓம் போட்டேன். சத்தம் குறைந்தது, சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் குரலும் குறைந்திருப்பது தெரிந்தது. வால்யூமைப் பழைய அளவுக்கு ஏற்றினேன், இரைச்சலும் அப்படியே கூட வந்துவிட்டது.

காரணம் எளிது. வால் பத்து மடங்கானதும் கரண்ட் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. கூடவே gm-மும். காமன் மோட் கெயின் 0.044 ஆனது உண்மைதான், ஆனால் டிஃபரன்ஷியல் கெயினும் 100-லிருந்து 10 ஆகிவிட்டது. விகிதம் அதே 226. கெயினை மீட்க கலெக்டர் ரெசிஸ்டரை 100 கிலோ ஓம் ஆக்கினாலும் பலனில்லை, RC இரண்டு கெயினிலும் இருப்பதால் வகுக்கும்போது அடிபட்டுப்போகும்.

gm-ஐ விரித்து எழுதினால் விஷயம் வெளியே வந்துவிடும்:

```
CMRR = (Itail / 2) / VT × RE
     = (Itail × RE) / (2 × VT)
     = 11.3 V / 0.05 V = 226
```

கரண்டையும் RE-யையும் பெருக்கினால் வருவது வாலுக்குக் குறுக்கே இருக்கிற வோல்டேஜ். அதாவது, ரெசிஸ்டர் வால் போட்டால் சி.எம்.ஆர்.ஆர்.-ஐத் தீர்மானிப்பது ரெசிஸ்டரின் மதிப்பே இல்லை, அதன் மேல் விழுகிற வோல்டேஜ் மட்டும்தான். மைனஸ் சப்ளையை 24 வோல்ட் ஆக்கினால் 6 டெசிபெல் கிடைக்கும். 80 டெசிபெல் வேண்டும் என்றால் 10,000 மடங்கு, அதுக்கு வாலுக்குக் குறுக்கே 500 வோல்ட் வேணும். மைக் ப்ரீஆம்புக்கு யார் 500 வோல்ட் கொடுப்பாங்க?

இரண்டு கலெக்டருக்கு நடுவே எடுத்தால்?

நியாயமான கேள்வி. இதுவரை ஒரு கலெக்டரிலிருந்து மட்டும் சிக்னல் எடுத்தோம். இரண்டுக்கும் நடுவே எடுத்தால் குரலின் கெயின் 200 ஆகும். இரைச்சல் இரண்டு கலெக்டரிலும் ஒரே 0.44 வோல்ட் என்பதால் கழிந்து பூஜ்ஜியமாகும். சிமுலேட்டரில் ஓட்டினால் இந்தப் பூஜ்ஜியத்தைத்தான் காட்டும், ஏன்னா அதில் இரண்டு பக்கமும் அச்சு அசலாக ஒன்று.

நிஜத்தில் அப்படி இருக்காது. ஒரு சதவீத ரெசிஸ்டர் வாங்கி, ஒன்று 10.1, மற்றது 9.9 கிலோ ஓம் என்று அமைந்தால் 200 ஓம் வித்தியாசம். 0.044 மில்லி ஆம்பியர் அதில் 8.8 மில்லிவோல்ட்டை விடும். 200-ஐ 0.0088-ஆல் வகுத்தால் சுமார் 22,600, அதாவது 87 டெசிபெல். நல்ல முன்னேற்றம்தான். ஆனா டிரான்சிஸ்டர்களின் பொருத்தமின்மையும் இதோடு சேரும். அதோடு, இரண்டு கலெக்டரிலும் அந்த 0.44 வோல்ட் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கு. அதைக் கழிக்கிற வேலை அடுத்த ஸ்டேஜ் தலையில் விழும்.

அப்புறம் எப்படிச் சரியாச்சு?

நமக்கு வேண்டியது: கரண்ட் 1 மில்லி ஆம்பியரிலேயே நிற்கணும், ஆனா எமிட்டர் ஆடும்போது வால் மெகா ஓம் மாதிரி நடந்துகொள்ளணும். ரெசிஸ்டரால் இரண்டையும் ஒன்றாகத் தர முடியாது, டிரான்சிஸ்டரால் முடியும். வாலில் மூன்றாவது டிரான்சிஸ்டர், அதன் பேஸுக்கும் மைனஸ் சப்ளைக்கும் நடுவே சிவப்பு எல்.ஈ.டி., எமிட்டருக்குக் கீழே 1.1 கிலோ ஓம். எல்.ஈ.டி. எரிய, பேஸிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர். எல்.ஈ.டி.யின் 1.8 வோல்ட்டில் 0.7 போக மிச்சம் 1.1 வோல்ட், கரண்ட் அதே 1 மில்லி ஆம்பியர். குரலின் கெயின் மாறாமல் 100. ஆனால் இந்த வால் கணக்குப்படி சில மெகா ஓம், சி.எம்.ஆர்.ஆர். 90 டெசிபெல்லைத் தாண்டும். நிஜத்தில் அதற்கு முன்பே மற்ற குறைகள் குறுக்கே நிற்கும்.

உங்க போர்டில் சோதிக்க, இரண்டு பேஸையும் ஒன்றாகக் கட்டி 1 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் கொடுத்து ஒரு கலெக்டரைப் பாருங்க. ரெசிஸ்டர் வாலில் 0.44 வோல்ட் ஆடும். எல்.ஈ.டி. வாலில் ஸ்கோப்பின் கோடு கிட்டத்தட்ட அசையாது. அடுத்து, ஒரு பேஸை கிரவுண்டில் வைத்து மற்றதில் 10 மில்லிவோல்ட் கொடுங்க, 1 வோல்ட் வரணும். இந்த இரண்டு அளவையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் இரைச்சல் குறைந்ததாகச் சொல்லலாம். நான் முதல் அளவை மட்டும் பார்த்து ஏமாந்தேன்.

இப்போ நீங்க கேட்கிறது அந்த மூணு டிரான்சிஸ்டர் போர்டு வழியாத்தான் வருது.