ஈர வாசலில் நிற்கும் கோலம்

கார்த்திகை மாதம் வந்தால் வாசலுக்கும் வானத்துக்கும் ஒரு போட்டி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதன் நடுவில்தான் திருக்கார்த்திகை வருகிறது. தெருவெல்லாம் விளக்கு வைக்கிற நாள், பெரிய கோலம் போட்டே ஆகவேண்டிய நாள். காலையில் தூறல், மதியம் ஓய்வு, சாயங்காலம் மறுபடி இருட்டிக்கொண்டு வரும். பலர் அன்றைக்கு கோலமாவு டப்பாவைத் திறந்து, நாலு இழுப்பு இழுத்துப் பார்த்து, கரைந்து ஓடுவதைக் கண்டு மனசு விட்டுப்போய் உள்ளே வந்துவிடுகிறார்கள். கடைசியில் ஸ்டிக்கர் கோலம் ஒட்டப்படுகிறது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் ஈரத் தரையில் கோலம் போட முடியும். எந்த ஈரத்தில் எதைக் குழைத்துப் போடுவது என்று தெரிந்தால் போதும்.

யோசித்துப் பார்த்தால், கோலம் என்றைக்குமே ஈரத்தில்தான் போடப்படுகிறது. சாணம் தெளித்து, பெருக்கி, ஈரம் காயுமுன்னே மாவை இழுத்தால்தான் தரையோடு ஒட்டும். காய்ந்த தரையில் போட்ட மாவு முதல் காற்றிலேயே பறக்கும். அதனால் மழை நாளில் சிக்கல் ஈரத்தில் இல்லை, தேங்கி நிற்கிற தண்ணீரில் இருக்கிறது. தரைக்கு மேலே மெல்லிய ஏடாகத் தண்ணீர் நின்றால் எந்த மாவும் தரையைத் தொடாது. தண்ணீரில் மிதந்து, தண்ணீர் போகிற பக்கம் போகும். அந்த ஏட்டை எடுத்துவிட்டு, தரைக்குள் இருக்கிற ஈரத்தை மட்டும் விட்டுவைத்தால் பாதி வேலை முடிந்தது.

எடுப்பதற்குப் பெரிய வித்தை ஒன்றுமில்லை. தென்னந்துடைப்பத்தால் தண்ணீரைத் தெருப்பக்கம் தள்ளுங்கள். பிறகு பழைய பருத்திப் புடவைத் துண்டை மடித்து, தேய்க்காமல், ஒற்றி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் தண்ணீர் இடம் மாறுமே தவிரக் குறையாது. சிமெண்ட் வாசலில் பளபளப்புப் போய்ச் சாம்பல் நிறம் கறுத்துத் தெரிகிற நிலை வரும். அப்போது விரலை அழுத்தி எடுத்துப் பாருங்கள்: விரல் ஜில்லென்று ஆகவேண்டும், ஆனால் சொட்டு ஒட்டக்கூடாது. அதுதான் கோலத்துக்கு ஏற்ற ஈரம். வாசல் பெரும்பாலும் தெருவை நோக்கிச் சரிந்திருக்கும் என்பதால், படியிலிருந்து வடிகிற தண்ணீர் மறுபடி வந்துகொண்டே இருக்கும். அதைத் தடுக்க ஒரு துணியைக் கயிறுபோல முறுக்கி, கோலம் வரப்போகிற இடத்துக்கு மேல்பக்கம் குறுக்கே போட்டுவிட்டால், தண்ணீர் இரண்டு ஓரமாகவும் பிரிந்து ஓடிவிடும்.

இனி மாவு. கடையில் விற்கிற கோலமாவு கல்லைப் பொடித்தது. அதற்குத் தானாக ஒட்டும் குணம் கிடையாது. மழையில் அதை மறந்துவிட்டு, பண்டிகை நாளில் வீட்டுக்குள் போடுகிற இழைக்கோலத்துக்கு வரவேண்டும்: பச்சரிசியை ஊறவைத்து அரைத்த மாவு. ஆனால் வழக்கமான இழைக்கோல மாவு நீர்க்க இருக்கும். துணித்துண்டில் தோய்த்து மோதிரவிரல் வழியே ஒழுகவிடுவதற்காக அப்படிக் கரைப்பார்கள். காய்ந்த தரை அந்தத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு மாவை மேலே நிறுத்தும். ஏற்கெனவே ஈரம் குடித்த தரையால் அது முடியாது. அதனால் கோடு அகன்று, ஓரத்தில் மயிரிழை விட்டுப் பரவும்.

இன்னொரு விஷயம், அரைத்த பச்சை மாவு பசை அல்ல. அரிசியின் மாவுச்சத்து குளிர்ந்த தண்ணீரில் கரையாமல் மணிமணியாகவே கிடக்கும். சுமார் 70 டிகிரி சூட்டில்தான் அந்த மணிகள் ஊதி உடைந்து கஞ்சியாகின்றன. பச்சை மாவு மட்டும் போட்டால் கோடு காய்ந்தபின் தொட்டாலே பொடியாக உதிரும். அதற்குமேல் தூறல் விழுந்தால் கேட்கவேண்டாம். கொஞ்சம் கஞ்சி சேர்ந்தால் அது மணிகளைத் தரையோடு கட்டிப்பிடித்து வைக்கும்.

ஒரு நடுத்தர வாசலுக்கு, அதாவது ஏழு புள்ளி ஏழு வரிசைக் கோலமும் சுற்றிக் காவியும் வருகிற அளவுக்கு, நான் செய்வது இது. ஒரு ஆழாக்குப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை முழுக்க வடித்து, தெளித்துத் தெளித்து மைபோல அரைக்கவேண்டும். விரல்களுக்கு நடுவே தேய்த்தால் நறநறப்புத் தெரியக்கூடாது. கரகரப்பான மாவுதான் மழையில் முதலில் உருண்டு போகும். அதிலிருந்து இரண்டு ஸ்பூன் மாவைத் தனியே எடுத்து அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, சின்ன தீயில் கிளறினால் வெண்மை மங்கிக் கண்ணாடிபோல் ஆகிக் கெட்டியாகும். அதை நன்றாக ஆறவிட்டு, மீதி மாவில் கலந்து பிசைய வேண்டும். இட்லி மாவை விடக் கொஞ்சம் கெட்டி, கரண்டியிலிருந்து தானாக விழாமல் தட்டினால் விழுகிற பதம். கஞ்சி அதிகமானால் நல்லது என்று நினைத்துக் கூட்டிவிடாதீர்கள். இழுக்கும்போது நூல்விடும், காய வெகுநேரம் பிடிக்கும், காலடியில் வழுக்கும். அரைத்ததை அன்றைக்கே போட்டுவிடுவதும் முக்கியம். மறுநாள் வரை வைத்தால் புளித்துக் குமிழி விட்டு, கோட்டில் ஊசி குத்தியதுபோல ஓட்டை விழும்.

இந்தப் பதத்துக்குத் துணித்துண்டு ஒத்துவராது. மாவு துணிக்குள் அடைத்துக்கொள்ளும். மூன்று விரலால் அள்ளி மோதிரவிரல் நுனியில் வழித்து இழுக்கலாம். விரல் பழக்கம் இல்லாதவர்கள் கழுவிக் காயவைத்த பால் பாக்கெட்டில் நிரப்பி, மூலையைக் கத்தரித்துப் பிதுக்கலாம். புள்ளியும் இதே மாவில்தான் வைக்கவேண்டும். புள்ளிக்குப் பொடியும் கோட்டுக்கு மாவும் என்று கலந்தால், பொடி கரைந்து வரிசை காணாமல் போய், கோடு எங்கே திரும்புவதென்று தெரியாது.

போடும்போது பலர் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஈரத் தரையில் அரிசிமாவுக் கோடு முதலில் மங்கலாகத்தான் தெரியும். மாவு விழவில்லையோ என்று அதன்மேலேயே இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை இழுப்பார்கள். எங்கள் தெருவில் கோலத்துக்குப் பேர்போன ஒரு அத்தை இதற்காகவே இளம்பெண்களின் கையைப் பிடித்து நிறுத்துவார். "விடுடி, காயட்டும். வெள்ளை தானா எழுந்து வரும். இப்பவே பூசிப்பூசி வச்சியானா நாளைக்கு ஏடு ஏடா உரியும்" என்பார். சத்தியமான வார்த்தை. ஒற்றை இழை ஓரத்திலிருந்து உள்ளே வெளுத்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் புரியும்: கோட்டின் பளபளப்பு முதலில் இரண்டு கரையிலும் போகிறது, நடுவில் ஒரு ஈரநரம்பு மட்டும் மினுங்குகிறது, அதுவும் அடங்கியதும் கோடு பளிச்சென்று வெண்மை ஆகிவிடுகிறது. தடித்த பூச்சில் மேல்பக்கம் மட்டும் காய்ந்து சுருங்கும். அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கும். அந்த இழுவிசையில் வெடித்து ஓரம் தூக்கிக்கொள்ளும்.

வெயில் நாளில் கால் மணியில் காய்வது, மழைக்காற்றில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் எடுக்கும். அந்த நேரத்தில் பெரிய துளி விழுந்தால் கோட்டில் குழி விழும். திண்ணையின் மேற்கூரையோ சாரல் படாத தாழ்வாரமோ இருந்தால் அதன் அடியில் போடுவது உத்தமம். முழுக்கக் காய்ந்துவிட்டால் தூறலைத் தாங்கும். ஓடுகிற தண்ணீரைத் தாங்காது, ஏனென்றால் காய்ந்த கஞ்சி மறுபடி தண்ணீரில் ஊறி இளகிவிடும்.

வண்ணத்தில் அவசரப்படாமல் இருக்கவேண்டும். ரங்கோலிப் பொடிகளில் பெரும்பாலும் கல்மாவில் சாயம் ஏற்றியிருப்பார்கள். ஈரம் பட்டதும் சாயம் கழன்று பக்கத்துக் கட்டத்துக்குள் ஓடும். உப்பில் வண்ணம் கலந்தது மழையில் நிற்கவே நிற்காது. காவி வேறு ரகம். அது மண், தண்ணீரில் கரையாத நிறம். காவிப் பொடியை நீர்த்த கஞ்சியில் குழைத்துப் போட்டால் சிமெண்டின் நுண்துளைகளில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ஆனால் வெள்ளைக் கோடு காய்ந்தபிறகுதான் சுற்றிக் காவி தீட்டவேண்டும், அதுவும் ஒரு விரற்கடை இடைவெளி விட்டு. இரண்டும் ஈரமாகத் தொட்டுக்கொண்டால் வெள்ளை முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும். மஞ்சளுக்கு, அரிசிமாவில் மஞ்சள்தூள் கலக்கலாம். சுண்ணாம்பிலோ சிமெண்டிலோ கலந்தால் ஆரத்தித் தண்ணீர்போலச் சிவந்துவிடும்.

அரிசிமாவு போதாது, பண்டிகை முடிகிற வரை மழையோ மழை என்று நின்றாலும் கோலம் அழியக்கூடாது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு: வெள்ளை சிமெண்ட். மற்ற பூச்சுகள் காய்ந்து இறுகுகின்றன. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகுகிறது. அதனால் ஈரத் தரை அதற்குத் தோழன். எனாமல் பெயிண்ட் இதற்கு நேரெதிர். அடியில் ஈரம் இருந்தால் கொப்பளித்துக்கொண்டு உரிந்துவரும். மரவேலைப் பசையும் ஈரத்தில் காயாமல் பாலாக வழிந்துவிடும்.

வெள்ளை சிமெண்டை ஒரு கிண்ணம் மட்டும் எடுத்துத் தண்ணீர் விட்டு, மேலே சொன்ன கெட்டிப் பதத்தில் குழையுங்கள். கலந்ததை அரைமணிக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். இறுக ஆரம்பித்ததில் மறுபடி தண்ணீர் விட்டுக் கரைத்தால் கோடு பலமில்லாமல் பொடியும். சிவப்பு வேண்டுமானால் தரை போடுகிறவர்கள் வாங்குகிற ரெட் ஆக்சைடு பொடியை, சிமெண்டில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல் சேர்க்கலாம். போட்டபின் நான்கைந்து மணி நேரம் பெருமழை படாமல் தார்ப்பாயைக் கோலத்தில் ஒட்டாதபடி தூக்கிக் கட்டினால் போதும், பிறகு மழையே அதற்கு வலுவூட்டும். பாசி படிந்த தரையாக இருந்தால் முதலில் தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் கோலம் பாசியோடு சேர்ந்து பெயர்ந்துவரும். வழவழப்பான டைல்ஸில் இது பிடிக்காது. அங்கே கஞ்சி சேர்த்த அரிசிமாவே நல்லது.

சிமெண்டும் சுண்ணாம்பும் தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. ஆகவே விரலால் தொடவேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு பால் பாக்கெட்டாலேயே பிதுக்குங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். எறும்புக்கும் அணிலுக்கும் அதில் ஒன்றுமில்லை என்பதால், நானாக இருந்தால் ஓரத்துக் கரைக்கு மட்டும் சிமெண்டை வைத்து, நடுக்கோலத்தை அரிசிமாவிலேயே போடுவேன். வாடகை வீட்டில் சிமெண்ட் கோலம் போடுவதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அது சுரண்டினால்தான் போகும், சுரண்டின இடத்தில் தரையும் வெளுத்துத் தெரியும்.