தூணுக்கு அடியில் எத்தனை மூட்டை?

திருப்பூர், ஓசூர் பக்கம் புதிதாகக் குடோன் ஷெட் எழும்பும் இடங்களில், தூண் நிமிர்ந்து நின்றதும் கூரை வேலையைப் பார்க்கத்தான் கூட்டம் கூடும். தூணின் அடியில், இரும்புத் தகட்டுக்கும் கான்கிரீட் பீடத்துக்கும் நடுவே விரற்கடை அளவு இடைவெளி இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. தூணை அந்தரத்தில் வைத்தது போலத் தெரிந்தாலும் அது வேண்டுமென்றே விட்ட இடம். கான்கிரீட்டின் மேல்முகம் ஒருபோதும் கண்ணாடி போல் சமமாக இருக்காது. அதனால் பேஸ் பிளேட்டைச் சிறு இரும்புத் துண்டுகளின் மேல் உட்காரவைத்து மட்டம் பார்த்துவிட்டு, பிறகு அடியில் கிரவுட் ஊற்றி நிரப்புகிறார்கள். தூணின் பாரம் முழுப் பரப்பிலும் பரவி இறங்குவது அதன் பிறகுதான்.

இந்த இடத்தில் சாதாரண சிமென்ட் கலவை உதவாது. அதில் கலந்த நீர் மேலே கசிந்து வரும், கலவை கீழே படியும், காயும்போது சுருங்கும். கடைசியில் தகட்டுக்கு அடியில் மெல்லிய காற்றுப் பொந்து நிற்கும். சுருங்காத கிரவுட்டில் இதை ஈடுகட்டும் பொருட்கள் சேர்ந்திருக்கின்றன. சில வகைகளில் நுண்ணிய அலுமினியத் தூள் சிமென்ட்டின் காரத்தோடு வினைபுரிந்து, கலவை இளகி இருக்கும்போதே குட்டிக் குமிழ்களை உண்டாக்கி அதைச் சற்று உப்பவைக்கிறது. வேறு சிலவற்றில், இறுகும் வேளையில் வளரும் படிகங்கள் சுருக்கத்தை எதிர்த்துத் தள்ளுகின்றன. சாதாரண சிமென்ட்டைவிடப் பல மடங்கு விலை என்பதால் வாங்கும்போது கை இறுகும். தவறு தொடங்குவது அங்கேதான்.

ஒரு தூணை எடுத்துக்கொள்வோம். பேஸ் பிளேட் 500 மில்லிமீட்டர் சதுரம். அடியில் 40 மில்லிமீட்டர் இடைவெளி. நான்கு 24 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட். கான்கிரீட் போடும்போதே போல்ட்டைப் பதிக்காமல், ஒவ்வொன்றுக்கும் 100 மில்லிமீட்டர் சதுரத்தில் 450 ஆழத்துக்குக் குழி விட்டிருக்கிறார்கள். சைட்டில் இதைப் பாக்கெட் என்பார்கள். மூட்டை எத்தனை வேண்டும் என்று கேட்டால், "பிளேட்டு அரை மீட்டர்தானே சார், ஒரு மூட்டை தாராளம்" என்று மேஸ்திரி சொல்வார். பிளேட்டை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரிதான்.

கணக்கை எளிதாக்க ஒரு வழி உண்டு. எல்லா அளவையும் 10 சென்டிமீட்டரை ஓர் அலகாக வைத்துப் பெருக்கினால் விடை நேராக லிட்டரிலேயே வரும். பிளேட்டுக்கு அடியில் மட்டும் என்றால் 5 × 5 × 0.4, அதாவது 10 லிட்டர். ஆனால் ஷட்டரிங் பலகையைப் பிளேட்டின் விளிம்போடு ஒட்டி அடிக்க முடியாது. ஊற்றும் பக்கத்தில் கலவை இறங்க 75 மில்லிமீட்டர் வேண்டும், மற்ற மூன்று பக்கமும் 25 மில்லிமீட்டராவது வேண்டும். எனவே நிரப்ப வேண்டிய பரப்பு 550-க்கு 600 ஆகிவிடுகிறது. 5.5 × 6 × 0.4 என்றால் 13.2 லிட்டர். பலகைக்காக விட்ட சிறு ஓரம் மட்டுமே மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிவிட்டது.

இனி பாக்கெட். ஒன்றுக்கு 1 × 1 × 4.5, அதாவது 4.5 லிட்டர். நான்குக்கும் 18 லிட்டர். போல்ட் அடைத்துக்கொள்ளும் இடம் ஒவ்வொன்றிலும் 0.2 லிட்டர்தான், அதைக் கழித்தாலும் 17.2 மிஞ்சுகிறது. கண்ணுக்குத் தெரியும் பிளேட்டின் அடியைவிட, கண்ணுக்குத் தெரியாத குழிகள்தான் அதிகம் குடிக்கின்றன! பிளேட்டின் அளவைப் பார்த்துத் தோராயமாகச் சொல்லும் எவரும் சறுக்குவது இங்கேதான். இரண்டையும் சேர்த்தால் 30.4 லிட்டர். கலக்கும் டிரம்மில் ஒட்டுவது, பிளேட்டின் பக்கவாட்டில் சற்று மேலேறி நிற்பது, ஊற்றும் பெட்டியில் தங்குவது எல்லாவற்றுக்கும் பத்து சதவீதம் வைத்தால் ஏறக்குறைய 33.4 லிட்டர்.

25 கிலோ மூட்டை ஒன்றைச் சுமார் 4 லிட்டர் தண்ணீரில் கலந்தால் 13 லிட்டர் அளவுக்குத்தான் கிரவுட் கிடைக்கும். சரியான அளவு அந்தந்த மூட்டையிலேயே அச்சாகியிருக்கும், அதையே பின்பற்ற வேண்டும். அந்தக் கணக்கில் நம் தூணுக்கு இரண்டரை மூட்டைக்கு மேல் ஆகிறது. 24 தூண் உள்ள ஷெட்டுக்கு 62 மூட்டை. பிளேட் அளவை மட்டும் நம்பியவர் 19 மூட்டைதான் இறக்கியிருப்பார். போல்ட்டை முன்பே கான்கிரீட்டில் பதித்திருந்தால் பாக்கெட் கணக்கே கிடையாது, 27 மூட்டை போதும். ஆகவே வரைபடத்தில் முதலில் தேட வேண்டியது, போல்ட் எப்படி நிற்கிறது என்பதைத்தான்.

அரை மூட்டையைப் பிரித்துக் கலக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. லாரியில் குலுங்கி வரும் மூட்டையில் மணலும் நுண்தூளும் ஒரே சீராக இருக்கும் என்று சொல்ல முடியாது. உப்பவைக்கும் பொருள் அதில் மிகச் சிறிய அளவே இருக்கிறது. மேல்பாதியில் அது எவ்வளவு வந்தது என்று யாருக்குத் தெரியும்? முழு மூட்டையாகக் கலந்து, அடுத்தடுத்த தூண்களை ஒரே மூச்சில் ஊற்றினால் மிச்சம் வீணாகாது. ஆழமான பாக்கெட்டுகளில், தயாரிப்பாளர் அனுமதித்த அளவுக்குச் சுத்தமான சிறு ஜல்லி சேர்த்துக்கொள்ளலாம். மூட்டை குறையும், சூடும் குறையும். தட்டையான பிளேட்டின் அடியில் ஜல்லி அடைத்துக்கொள்ளும், அங்கே வேண்டாம்.

வரைபடத்தில் 40 என்று இருந்தாலும் சைட்டில் அப்படியே இருப்பது அபூர்வம். பிடிமானத்துக்காகக் கான்கிரீட்டின் மேல்முகத்தைக் கொத்தியிருப்பார்கள், ஓரிடத்தில் 35, இன்னோரிடத்தில் 60 என்று நிற்கும். நான்கு மூலையிலும் நடுவிலும் அளந்து சராசரி எடுத்த பிறகே மூட்டையைப் பிரிக்க வேண்டும். இடைவெளி 10 மில்லிமீட்டர் கூடினால் இந்தப் பிளேட்டுக்கு 3.3 லிட்டர் கூடும். அது கால் மூட்டை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கென்றால், பிளேட்டுக்கு அடியில் பாதியில் நிறுத்தி நிறுத்தி ஊற்ற முடியாது. ஒரே பக்கத்திலிருந்து விடாமல் ஊற்றி, எதிர்ப்பக்கம் வெளியேறும் வரை தள்ளிக்கொண்டே போனால்தான் உள்ளே உள்ள காற்று முன்னால் ஓடி வெளியேறும். நடுவில் மூட்டை தீர்ந்து, கடையிலிருந்து வாங்கிவரும் வரை காத்திருந்தால், சித்திரை வெயிலில் முதல் பாதி இறுகிவிடும். அப்புறம் மறுபக்கத்திலிருந்து ஊற்றுவார்கள். இரண்டுக்கும் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். வெளியே ஓரம் அழகாக நிறைந்திருக்கும், நடுவே பொந்து இருக்கும். சரக்கு போதாமல் போகும்போது கூடுதலாகத் தண்ணீர் விட்டு நீட்டுவதும் இதே அளவுக்குக் கெடுதல்: தண்ணீர் மேலே பிரிந்து நின்று, பிளேட்டைத் தொட வேண்டிய இடத்திலேயே வெறும் இடத்தை விட்டுப்போகும்.

லிட்டர் கணக்கு வேலை முடிந்த பிறகும் உதவும். பாக்கெட்டுகளை முன்னதாகவே நிரப்பி இறுகவிட்டு, பிறகு பிளேட்டுக்கு அடியில் ஊற்றுவது வழக்கம். அந்த இரண்டாம் ஊற்றில் 13 லிட்டருக்குச் சற்று மேல் போயிருக்க வேண்டும். 10 லிட்டரிலேயே நிறைந்துவிட்டது போலத் தெரிந்தால் அதைச் சிக்கனம் என்று எண்ணக் கூடாது, கலவை எதிர்ப்பக்கம் சேரவில்லை என்று பொருள். 17, 18 லிட்டர் குடித்திருந்தால் பலகையின் அடியில் எங்கோ ஒழுகுகிறது, அல்லது இடைவெளியை அளந்தது தவறு. கிரவுட் நன்றாக இறுகியதும் பிளேட்டின் மேல் சிறு சுத்தியலால் மூலையிலிருந்து தூணை நோக்கித் தட்டிக்கொண்டே போனால், நிறைந்த இடம் கனமாக ஒலிக்கும், பொந்து உள்ள இடம் டொக்கென்று வெற்றொலி தரும். குறைவாகக் குடித்த தூண்களை முதலில் தட்டிப் பார்ப்பது நல்லது.