நான்காம் கணினியின் பாட்டு பதினொன்றாம் காதில்

"வயர்லெஸ் ஹெட்போன்களை மாணவர்கள் முறையாகப் பயன்படுத்துவதில்லை. தகுந்த நடவடிக்கை எடுக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." எனக்குத் தெரிந்த கணினி ஆசிரியை ஒருவர் தலைமையாசிரியருக்கு முதலில் எழுதிய கடிதம் இவ்வளவுதான். அவர் அதைப் படித்துவிட்டு, "நடவடிக்கைன்னா யார் மேல டீச்சர்? நான் எதுல கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நியாயமான கேள்வி. என்ன கெடுகிறது, எதனால் கெடுகிறது, எதற்கு உத்தரவு வேண்டும் என்ற மூன்றும் அந்தக் கடிதத்தில் இல்லை.

பள்ளி அரசு உதவி பெறுவது. லேபில் இருபது கணினிகள். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஒரே மாதிரியான இருபது ப்ளூடூத் ஹெட்போன்களை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். வந்த வாரத்திலேயே ரகளை. ஆங்கிலம் கேட்டு எழுதும் பயிற்சியின்போது பதினொன்றாம் கணினி முன் இருந்த பையனின் காதில், நான்காம் கணினியில் ஓடிய பாட்டு கேட்டது. சிலருக்குச் சத்தம் விட்டுவிட்டு வந்தது. பேச்சுப் பயிற்சி தொடங்கியதும் இரண்டு ஹெட்போன்களில் குரல் கரகரத்தது. அவற்றை 'ரிப்பேர்' என்று எழுதி பீரோவில் வைத்துவிட்டார்கள்.

இரண்டாம் கடிதம் எழுத அவர் என்னையும் கூப்பிட்டார். நாங்கள் முதலில் செய்தது எழுதுவதல்ல. ஒரு சனிக்கிழமை முழுவதும் லேபில் உட்கார்ந்து ஒவ்வொரு கோளாறுக்கும் காரணம் தேடினோம். தேடியதில், பிள்ளைகள் மேல் சொல்ல அதிகம் எதுவும் இல்லை என்று தெரிந்தது.

பாட்டு மாறிப்போன கதையைப் பார்ப்போம். ப்ளூடூத் ஹெட்போனை இயக்கியதும், அது கடைசியாக எந்தக் கணினியோடு இணைந்திருந்ததோ அதைத்தான் தேடிப் போகும். எந்த மேசையில் வைத்திருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. மாலையில் எல்லாவற்றையும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு, மறுநாள் கைக்குக் கிடைத்ததை எடுத்தால் நேற்று நான்காம் கணினியோடு இருந்தது இன்று பதினொன்றாம் மேசையில் இருக்கும். ஆனால் நான்கோடுதான் இணையும். புதிதாக இணைக்கலாம் என்று திரையில் தேடினாலோ, ஒரே பெயர் ஐந்தாறு முறை வரிசையாக வரும். எது தன்னுடையது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்? ஆகவே கடிதத்தின் முதல் விதி: ஹெட்போனிலும் கணினியிலும் ஒரே எண் ஒட்ட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனி ஆணி, தனி இடம், புதிதாக இணைக்கும் வேலை ஆசிரியைக்கு மட்டும்.

'ரிப்பேர்' ஆன இரண்டும் நன்றாகவே இருந்தன. ப்ளூடூத்தில் பாட்டுக் கேட்க ஒரு வழி, மைக்கில் பேச வேறொரு வழி. மைக் திறந்ததும் ஹெட்போன் இரண்டாவது வழிக்கு மாறிவிடும். அது தொலைபேசிப் பேச்சுக்காக வந்தது. ஒலியின் தரம் அதில் இறங்கிவிடும். விண்டோஸ் 10-இல் ஒலி போகும் இடத்தைப் பார்த்தாலே தெரியும்: `Stereo` என்றிருந்தால் பாட்டு வழி, `Hands-Free AG Audio` என்றிருந்தால் பேச்சு வழி. பேச்சுப் பயிற்சிக்கு கம்பி ஹெட்போன்தான் என்று இரண்டாம் விதி எழுதினோம். பீரோவில் இருந்தவை வெளியே வந்தன.

விட்டுவிட்டுக் கேட்பதுதான் எங்களை அதிகம் படுத்தியது. ப்ளூடூத்தும் பழைய வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசைப் பகுதியில் வேலை செய்கின்றன. இந்த வகை ப்ளூடூத் அந்தப் பகுதியை 79 சிறு பாதைகளாகப் பிரித்துக்கொண்டு, ஒரு நொடிக்கு 1600 முறை வரை பாதை மாறித் தாவுகிறது. இரண்டு ஹெட்போன் ஒரே பாதையில் விழுந்தால் அந்தத் துளி ஒலி மோதிப் போகும். மறுபடி அனுப்ப வேண்டும். ஓரிரண்டு மோதல் காதுக்குத் தெரியாது.

இருபது ஹெட்போனும் ஓயாமல் அலை விடுவதாக வைத்துக்கொண்டு ஒரு தோராயக் கணக்குப் போட்டோம். 79 பாதையும் காலியாக இருந்தால், ஒன்று மற்ற பத்தொன்பதில் எதோடாவது மோத ஏறக்குறைய நூற்றுக்கு 21 வாய்ப்பு. ஆனால் லேபில் வைஃபையும் ஓடுகிறது. வைஃபை இருக்கும் பாதைகளை ப்ளூடூத் தானாகவே ஒதுக்கிவிடும்; மிகக் குறைந்தது 20 பாதை வரை சுருங்கலாம். அப்படிச் சுருங்கினால் மோதும் வாய்ப்பு நூற்றுக்கு 62. பத்தே ஹெட்போன் என்றால் அதே நெருக்கடியிலும் 37 தான். உண்மையில் எதுவும் ஓயாமல் அலை விடுவதில்லை என்பதால் நிலைமை இதைவிட நன்றாகவே இருக்கும். ஆனாலும் கூட்டம் கூடினால் என்ன ஆகும் என்று ஹெச்.எம்.முக்குப் புரிய இந்தக் கணக்கு போதும்.

எனவே மூன்றாம் விதி: ஒரு நேரத்தில் பத்து வயர்லெஸ், மீதிப் பத்துக் கணினிக்குக் கம்பி. கூடவே ஒரு கோரிக்கை: லேபின் ரூட்டர் 5 கிகாஹெர்ட்ஸிலும் இயங்குவது என்பதால் வைஃபையை அதற்கு மாற்ற அனுமதி வேண்டும். இதற்குச் செலவில்லை.

இன்னொரு திருடனும் அகப்பட்டான். கணினிகளில் ப்ளூடூத் கிடையாது. நகம் அளவு டாங்கிள் செருகியிருந்தார்கள். உள்ளே நீலமாக இருக்கும் யு.எஸ்.பி. 3.0 துளைகளில் பென் டிரைவ் ஓடும்போது அங்கிருந்து 2.4 பகுதியிலேயே இரைச்சல் கிளம்பும். பக்கத்துத் துளையில் டாங்கிள் இருந்தால் தடுமாறும். கறுப்புத் துளைக்கு மாற்றினோம், பெரும்பாலும் சரியாயிற்று.

சத்த அளவுக்கு விதி எழுதுவதில் எங்களுக்குள் சண்டையே வந்தது. திரையில் 50-க்கு மேல் வைக்கக் கூடாது என்றார் அவர். திரையில் தெரியும் எண் டெசிபல் அல்ல. ஒரு ஹெட்போனில் 50 மெதுவாக இருக்கும், வேறொன்றில் அலறும். பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 84-க்குப் போனால் 5 மணி நேரம்தான். பள்ளியில் டெசிபல் அளக்கும் கருவி இல்லை. ஆகவே, கைநீள தூரத்தில் இருப்பவர் சாதாரணமாகப் பேசுவது கேட்கவில்லை என்றால் சத்தத்தைக் குறை என்று எழுதினோம். இதை எந்தப் பிள்ளையும் சோதித்துப் பார்க்கலாம்.

மற்றவை சுருக்கம். காது மெத்தையை ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் துடைக்க வேண்டும். ஆள் இல்லாத இரவில் சார்ஜ் போடக் கூடாது. உப்பிய பேட்டரி தெரிந்தால் அன்றே ஒதுக்க வேண்டும். வீட்டிலிருந்து இயர்பட்ஸ் கொண்டுவரக் கூடாது. தலைமுடிக்குள் மறைந்திருப்பது ஆசிரியைக்குத் தெரியாது. தேர்வில் கம்பி மட்டும்.

கடிதம் வழக்கமான கட்டில் வந்தது. அனுப்புநர், பெறுநர், அடுத்து "பொருள்: கணினி ஆய்வகம் – வயர்லெஸ் ஹெட்போன் பயன்பாடு – விதிகளுக்கு ஒப்புதல் வேண்டுதல் – சார்பு." ஒவ்வொரு விதிக்கும் கீழே ஒரு வரியில் காரணம். கடைசியில் கேட்பது மூன்றே: விதிகளுக்கு ஒப்புதல், வைஃபை மாற்ற அனுமதி, பத்து கம்பி ஹெட்போன் வாங்கி இருப்புப் பதிவேட்டில் ஏற்ற உத்தரவு.

ஹெச்.எம். இரண்டு பக்கத்தையும் படித்தார். ஹெட்போனைத் தொலைத்தால் ஐந்நூறு ரூபாய் அபராதம் என்று ஆசிரியை சேர்த்திருந்த வரியை மட்டும் சிவப்பு மையில் அடித்துவிட்டு, "எண் ஒட்டிய பிறகு தொலையாது" என்று ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.