5 கிலோ சீனிக்கு 5 மடங்கு தண்ணி ஊத்தலாமா? பாகு பதம் தப்புவது ஏன்?

குற்றாலத்தில் சாரல் சீசன், அடுத்து தீபாவளி என தென்காசி பக்கம் வீட்டிலேயே பலகாரம் செய்து கொடுப்பவர்களுக்கு பெரிய ஆர்டர்கள் வரும் நேரங்கள் உண்டு. 1 கிலோ சீனியில் கச்சிதமாக வரும் பாகு, 5 கிலோவுக்குப் போனதும் மக்கர் பண்ணும். நிறம் மாறும், பூத்துப் போகும், இல்லையென்றால் இறுகிப் போகும். ஒரே அளவைத்தானே பெருக்கினோம், எங்கே தப்பு நடக்கிறது?

பதம் என்பது என்ன?

பாகில் எவ்வளவு சீனி, எவ்வளவு தண்ணீர் மிஞ்சி இருக்கிறது என்பதுதான் பதம். முதலில் ஊற்றும் தண்ணீர் சீனியைக் கரைக்க மட்டுமே. கொதிக்கக் கொதிக்க அது ஆவியாகி, பாகு கெட்டியாகும்.

குலாப் ஜாமூனுக்கு விரலில் பிசுபிசுவென ஒட்டினால் போதும், கம்பி வேண்டாம். 1 கிலோ சீனிக்கு சுமார் 1 லிட்டர் தண்ணீர் வைத்து, கரைந்ததும் கொஞ்ச நேரம் கொதித்தால் இந்தப் பதம் வந்துவிடும். மைசூர் பாகுக்கு ஒரு கம்பிப் பதம் வேண்டும். இதில் ஏறத்தாழ முக்கால் பங்கு சீனி, கால் பங்கு தண்ணீர். அதாவது 1 கிலோ சீனி போட்டால், கடைசியில் சுமார் 330 மில்லி தண்ணீர்தான் பாகில் இருக்க வேண்டும்.

பெருக்கும்போது எங்கே சறுக்குகிறது?

1 கிலோ சீனிக்கு 500 மில்லி தண்ணீர் வைத்தால், ஒரு கம்பிப் பதத்துக்கு 170 மில்லி ஆவியாக வேண்டும். வீட்டு அடுப்பில் நிமிஷத்துக்கு 25 மில்லி போகிறது என்று வைத்துக்கொண்டால், கொதி வந்த பிறகு 7 நிமிஷ வேலை.

இதையே 5 கிலோவுக்குப் பெருக்கி 2.5 லிட்டர் ஊற்றினால், 850 மில்லி ஆவியாக வேண்டும். அடுப்பு அதே அடுப்புதான். 34 நிமிஷம் ஆகும்! அவ்வளவு நேரம் கொதிக்கும் பாகு மஞ்சளாகும். ஓரத்தில் தெறித்த பாகு காய்ந்து சீனித் துகளாகி, உள்ளே விழுந்தால் மொத்தமும் பூத்துப் போகும்.

அதற்குப் பதில் 2 லிட்டர் வைத்தால், 350 மில்லி போனால் போதும். 14 நிமிஷத்தில் பதம் வரும். சூடான தண்ணீரில் சீனி நன்றாகவே கரையும் என்பதால் இந்த அளவு தாராளம். சீனியை 5 மடங்கு ஆக்கினால் தண்ணீரை 4 மடங்கு ஆக்குங்கள், அகலமான சட்டி வையுங்கள் என்பதுதான் சுருக்கம். பெரிய பர்னர் இருந்தால் நேரம் இன்னும் குறையும்.

கப் கணக்கில் ஒரு சிக்கல்

ஒரு கப் சீனி சுமார் 200 கிராம். அதே கப் தண்ணீர் 240 மில்லி. ஆக '1 கப் சீனிக்கு அரை கப் தண்ணி' என்பது கிலோ கணக்கில் 1 கிலோவுக்கு 600 மில்லி, 500 இல்லை. பெரிய அளவுக்குப் போகும்போது இரண்டையும் தராசில் வைத்து நிறுப்பதே நல்லது.

பதம் வந்ததை எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்தால் ஒரு இழை அறுந்து போகாமல் நிற்க வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் 105 முதல் 108 டிகிரி செல்சியஸ். சட்டி எடையைக் கழித்துவிட்டு நிறுத்தால், 5 கிலோ சீனிப் பாகு சுமார் 6.65 கிலோ இருக்கும்.

பெரிய சட்டியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடுப்பை அணைத்தாலும் 5 கிலோ பாகு சீக்கிரம் ஆறாது, சூட்டில் கெட்டியாகிக்கொண்டே இருக்கும். அதனால் பதத்துக்குக் கொஞ்சம் முன்பே அணைத்து, மறுபடி இழுத்துப் பார்க்கணும். மைசூர் பாகு என்றால் கடலை மாவும் நெய்யும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

தப்பிப் போனால்?

ஒரு கம்பிப் பாகு ஆறினால் பூப்பது இயல்பு. அறை வெப்பத்தில் 1 பங்கு தண்ணீரில் கிட்டத்தட்ட 2 பங்கு சீனிதான் கரைந்து நிற்கும்; இந்தப் பாகில் இருப்பது 3 பங்கு. பாகு கண்ணாடி போல நிற்க வேண்டிய ஜாங்கிரிக்கு எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடுவது இதைத் தள்ளிப்போடத்தான். பாகு முறுகிவிட்டால் கொஞ்சம் தண்ணீர் விட்டு மறுபடி கொதிக்க வைத்துச் சரி செய்யலாம். ஆனால் மாவு போட்ட பிறகு அந்த வாய்ப்பு இல்லை.

அதிரசம், முந்திரிக்கொத்து போன்ற வெல்ல, கருப்பட்டிப் பாகுக்கு இந்தக் கணக்கை அப்படியே போடக் கூடாது. அவற்றிலேயே ஈரம் இருக்கும், அதுவும் ஒவ்வொரு கட்டிக்கும் மாறும். கரைந்து வடிகட்டும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்துத்தான் பதம் முடிவு செய்ய வேண்டும்.