ஓய்வூதியரின் டெபாசிட் வட்டியில் கைக்கு வருவது எவ்வளவு?

வங்கியில் ஓராண்டு நிரந்தர வைப்புநிதிக்கு 7 சதவீத வட்டி என்றால், அந்த 7 சதவீதமும் முதலீட்டாளரின் கைக்கு வந்து சேரும் என்று சொல்ல முடியாது. ஒரு நிதியாண்டின் வட்டி குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், வங்கியே அதில் ஒரு பகுதியை வருமான வரிக்காகப் பிடித்து அரசுக்குச் செலுத்திவிடும். இதுதான் டிடிஎஸ் எனப்படும் மூலவரிப் பிடித்தம். 60 வயது நிறைந்த மூத்த குடிமக்களுக்கு இந்த வரம்பு 50,000 ரூபாயாக இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அது 1,00,000 ரூபாயாக உயர்ந்தது. பிடித்தம் 10 சதவீதம். கீழே உள்ள கணக்குகள் 2025-26 நிதியாண்டின் விதிகளைப் பின்பற்றுபவை.

வரம்பைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வட்டி ஒரு லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும்தான் பிடித்தம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் முதல் ரூபாயிலிருந்து முழு வட்டிக்கும் 10 சதவீதம் பிடிக்கப்படும். 68 வயது ஓய்வூதியர் ஒருவர் ஏப்ரல் 1 அன்று 15 லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டிக்கு ஓராண்டு போட்டுவைத்து, வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாங்கிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு காலாண்டுக்கும் 26,250 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 1,05,000 ரூபாய் வட்டி. பிடித்தம் 10,500 போக, கைக்கு வருவது 94,500. அதே வங்கியில் 14 லட்சம் மட்டும் போட்டிருந்தால் வட்டி 98,000 ரூபாய், பிடித்தமே கிடையாது. ஒரு லட்சம் ரூபாய் கூடுதலாகப் போட்டவருக்கு அந்த ஆண்டில் 3,500 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது.

இந்த 14 லட்சக் கணக்கிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வட்டியை அவ்வப்போது வாங்காமல் அசலோடு சேரவிட்டால், காலாண்டுதோறும் வட்டிக்கு வட்டி ஏறும். முதல் காலாண்டில் 24,500 ரூபாயாக இருக்கும் வட்டி, நான்காம் காலாண்டில் ஏறத்தாழ 25,809 ரூபாயாகிறது. ஆண்டின் மொத்த வட்டி சுமார் 1,00,603 ரூபாய். வரம்பைத் தாண்டுவது அறுநூறு ரூபாய்தான். ஆனால் பிடித்தம் 10,060 ரூபாய். அசலும் வட்டி விகிதமும் மாறவில்லை. வட்டி வாங்கும் முறை மட்டுமே மாறியிருக்கிறது. இப்படிச் சேரும் டெபாசிட்டில் முதிர்வு நாள்வரை கையில் ஒரு ரூபாயும் வராவிட்டாலும், கணக்கில் ஏறும் வட்டிக்குப் பிடித்தம் நடந்துகொண்டே இருக்கும். டெபாசிட் ரசீதில் அச்சிட்ட முதிர்வுத் தொகைக்கும் கடைசியில் கிடைக்கும் தொகைக்கும் வித்தியாசம் வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வங்கி பார்ப்பது டெபாசிட்டின் ஓராண்டை அல்ல, ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டை. அதே 15 லட்சத்தை அக்டோபர் 1 அன்று போட்டால் வட்டி இரண்டு நிதியாண்டுகளுக்குப் பாதிப்பாதியாகப் பிரியும். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 52,500 ரூபாய்தான். வேறு டெபாசிட் இல்லாவிட்டால் பிடித்தம் நேராது. ஆனால் முதிர்ந்ததும் அதைப் புதுப்பித்தால், இரண்டாம் நிதியாண்டில் பழைய டெபாசிட்டின் பாதி வட்டியும் புதியதன் பாதி வட்டியும் சேர்ந்து வரம்பைத் தாண்டிவிடும். ஒரே வங்கியின் வெவ்வேறு கிளைகளில் தொகையைப் பிரித்துப் போடுவதாலும் பயனில்லை. இன்றைய வங்கிகள் எல்லாக் கிளைகளின் வட்டியையும் ஒரே பான் எண்ணின் கீழ் கூட்டிப் பார்க்கின்றன. கணவன், மனைவி பெயரில் கூட்டாகப் போட்ட டெபாசிட்டில் வட்டி முழுவதும் முதல் பெயருக்கு உரியவரின் கணக்கில்தான் ஏறும்.

பிடித்தம் வேறு, வரி வேறு. 10,500 ரூபாய் பிடித்துவிட்டார்கள் என்பதால் அவர் அவ்வளவு வரி கட்டவேண்டியவர் என்று ஆகாது. அவருக்கு மாதம் 35,000 ரூபாய் ஓய்வூதியம் என்றால் ஆண்டுக்கு 4,20,000. புதிய வரிமுறையில் நிலையான கழிவு 75,000 போக 3,45,000. வட்டி 1,05,000 சேர்த்தால் 4,50,000 ரூபாய். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. மீதி 50,000 ரூபாய்க்கு 5 சதவீதம், அதாவது 2,500 ரூபாய். வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடியில் அதுவும் நீங்கிவிடுகிறது. எனவே அவர் செலுத்தவேண்டிய வரி ஒன்றுமில்லை. பங்குகளை விற்ற லாபம் போன்று தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் வருமானத்துக்கு மட்டும் இந்தத் தள்ளுபடி பொருந்தாது.

இப்படிப்பட்டவருக்காகவே 15எச் படிவம் இருக்கிறது. 60 வயது நிறைந்தவர், தம் ஆண்டு வருமானத்துக்கு வரி எதுவும் வராது என்று அதில் உறுதிமொழி தருகிறார். வங்கி பிடித்தம் செய்யாமல் முழு வட்டியையும் கொடுக்கிறது. தள்ளுபடிக்குப் பிறகு வரி பூஜ்யம் ஆகிறவரும் இதைத் தரலாம். அப்போது மேலே சொன்னவருக்கு 1,05,000 ரூபாயும் அப்படியே கிடைக்கும். டெபாசிட் இருக்கும் ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனியாக, ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகத் தரவேண்டும். போன வருடம் கொடுத்தது இந்த வருடத்துக்குச் செல்லாது. ஏப்ரலிலேயே, முதல் வட்டி ஏறுவதற்கு முன் கொடுத்துவிடுவது நல்லது. பிடித்து அரசுக்குக் கட்டிய தொகையை வங்கி திருப்பித் தராது.

படிவம் கொடுக்கத் தவறினாலும் அந்தப் பணம் போய்விடவில்லை. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தால் 10,500 ரூபாயும் திரும்பக் கிடைக்கும், சில மாதங்கள் காத்திருக்கவேண்டும் அவ்வளவே. தாக்கலுக்கு முன் வருமான வரித் துறையின் இணையதளத்தில் உள்ள 26ஏஎஸ் பட்டியலில் அந்தப் பிடித்தம் தம் பான் எண்ணில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பதிவாகாத பிடித்தத்துக்குத் தொகை திரும்ப வராது. வருமானம் குறைவு என்பதால் கணக்கே தாக்கல் செய்யாத ஓய்வூதியர்களுக்குத்தான் இதில் நிஜமான இழப்பு நேர்கிறது. அரசிடம் இருக்கும் தம் பணத்தை அவர்கள் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். வங்கியில் பான் எண் இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசம். பிடித்தம் 20 சதவீதமாகிவிடும். 1,05,000 ரூபாய் வட்டியில் 21,000 போய் 84,000தான் மிஞ்சும். 15எச் படிவமும் செல்லாது.

கூடுதல் ஓய்வூதியம் வாங்குபவரின் கணக்கு நேர்மாறானது. மாதம் 1,15,000 ரூபாய் பெறும் ஒருவருக்குக் கழிவு போக 13,05,000 ரூபாய் வருமானம். அதன்மேல் சேரும் வட்டிக்கு 15 சதவீத வரியும், அந்த வரியின்மேல் 4 சதவீத கூடுதல் வரியும் உண்டு. 1,05,000 ரூபாய் வட்டிக்கு வரி 16,380 ரூபாய். வங்கி பிடித்தது 10,500 மட்டுமே. மீதி 5,880 ரூபாயைக் கணக்குத் தாக்கலின்போது அவரே கட்டவேண்டும். தொழில் வருமானம் இல்லாத மூத்த குடிமக்களுக்கு முன்கூட்டி வரி கட்டும் கடமை இல்லை என்பதால் ஆண்டு நடுவில் எதுவும் செலுத்தத் தேவையில்லை. அவருக்கு வட்டியில் உண்மையாக மிஞ்சுவது 88,620 ரூபாய். 15 லட்சத்துக்குக் கணக்கிட்டால் 7 சதவீதம் அல்ல, 5.9 சதவீதம்.